ஞாயிற்றுக்கிழமை ஆனால் முதுகு மோசம், வேலைக்குப் போனால் சரி. இது டிஸ்க் தானா?

தண்டையார்பேட்டை தம்பி
2023 நவம்பர் 18, இரவு 11:20

வயசு 26. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க். ஒரு வருஷத்துக்கு மேலாகவே இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, உட்காரும் இடத்தில் வலி. எங்கேயும் விழவில்லை, வெயிட் தூக்கவில்லை, தானாக வந்தது.

காலையில் எழுந்தால் முதுகு பலகை மாதிரி. குனிந்து செருப்பு மாட்ட முடியாது. ஆறு மணிக்கு எழுந்தால் ஏழரை வரை இப்படித்தான். அப்புறம் யார்டில் பெட்டி பெட்டியாக நடந்து சீல் நம்பர் எழுத ஆரம்பித்தால் பத்து மணிக்கு வலி இருந்த இடமே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுப் படுத்தால் எழுந்திருக்கவே பயம். ஆனால் சாயங்காலம் கிரவுண்டில் பந்து ஆடினால் ஒன்றும் இல்லை. "கடைக்குப் போகச் சொன்னா முதுகு, பந்துன்னா ஓடுற"ன்னு அம்மா.

ஒரு கிளினிக்கில் கீழ்முதுகு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். எல்4-எல்5 டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறதாம். பெல்ட், இரண்டு வாரம் படுக்கை. படுத்ததில் இன்னும் மோசம்தான் ஆனது. டிஸ்க் என்றால் படுத்தால் குறையணும் இல்லையா?

---

எண்ணூர் அக்கா
நவம்பர் 19, காலை 7:05

தம்பி, என் வீட்டுக்காரருக்கு இதேதான். எல்4-எல்5, அதே எழுத்து. பைக்கில் குழியில் இறங்கினபோது பிடித்தது, இடது காலில் கட்டைவிரல் வரை ஷாக் அடிக்கிற மாதிரி இழுத்தது. தும்மினால் கத்துவார். பத்து நாள் தரையில் பாய் போட்டுப் படுத்தார், சரியாகிவிட்டது. நீயும் பந்தை விட்டுட்டு ஒழுங்காகப் படு.

---

பெரம்பூர் பிசியோ
நவம்பர் 19, பகல் 1:40

அக்கா, உங்கள் வீட்டுக்காரருக்கு வந்தது இதே இல்லை. அவருக்கு ஒரு நாள், ஒரு நேரம், ஒரு குழி இருக்கிறது. வலி காலுக்கு இறங்கியது, படுத்தால் குறைந்தது. தம்பி சொல்வது அப்படியே தலைகீழ்.

தம்பி, ரிப்போர்ட்டில் இருக்கும் பிதுக்கத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வலியே இல்லாத இருபது வயதுப் பையன்களை ஸ்கேனில் படுக்க வைத்தாலும் பத்தில் மூன்று பேருக்கு இந்த வரி வரும். அது இருக்கிறது என்பதாலேயே வலி அதனால்தான் என்று ஆகிவிடாது. நான்கு கேள்வி கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள்.

ராத்திரி வலி எழுப்புகிறதா, எழுப்பினால் எத்தனை மணிக்கு? பின்பக்கத்தில் ஒரே பக்கமா, பக்கம் மாறுகிறதா? மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டீர்களா, எப்படிக் கேட்டது? குதிகால், கண், தோல், வயிறு இவற்றில் எப்போதாவது தொல்லை உண்டா?

சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, முதுகெலும்பில் ஒரே இடத்தைத் தட்டினால் உயிர் போகிற வலி, இதையும் பாருங்கள். நம் ஊரில் முதுகில் டி.பி.யை மறக்கக் கூடாது. அதுவும் ராத்திரியில் வலிக்கும், ஆனால் நடந்தால் விடாது.

---

தண்டையார்பேட்டை தம்பி
நவம்பர் 19, இரவு 10:50

காய்ச்சல், எடை எதுவும் இல்லை.

ராத்திரி மூணு, மூணரைக்கு எழுப்பும். மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தால் தூக்கம் வரும். பக்கத்து வீட்டுப் பாட்டி நான் யாருடனோ போன் பேசுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி ஒரு பஞ்சாயத்தே நடந்தது.

பக்கம் மாறும். ஒரு வாரம் வலது, அப்புறம் இடது. டைக்ளோஃபெனாக் போட்டேன், மறுநாளே புது மனுஷன். நிறுத்தினால் திரும்ப வரும். பாராசிட்டமாலுக்கு அசையவில்லை.

குதிகால், ஆமாம். காலேஜ் கடைசி வருஷம் இரண்டு குதிகாலும் பின்பக்கம் வீங்கி நொண்டினேன். ஷூ சரியில்லை என்றார்கள். கண்ணில் இரண்டு தடவை மெட்ராஸ் ஐ வந்தது, அது எல்லாருக்கும் வருவதுதானே.

---

பெரம்பூர் பிசியோ
நவம்பர் 20, காலை 6:30

அந்த மெட்ராஸ் ஐயைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். இரண்டு கண்ணா ஒரு கண்ணா? பீளை கட்டியதா? வீட்டில் வேறு யாருக்காவது ஒட்டியதா?

---

தண்டையார்பேட்டை தம்பி
நவம்பர் 20, காலை 8:15

இரண்டு தடவையும் இடது கண் மட்டும். பீளை இல்லை, தண்ணீராக வந்தது. வெளிச்சம் பார்க்கவே முடியாது, உள்ளே குடைகிற வலி, கொஞ்சம் மங்கல். வீட்டில் யாருக்கும் வரவில்லை. கடையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள், ரொம்ப நாள் இழுத்து அடங்கியது.

---

பெரம்பூர் பிசியோ
நவம்பர் 20, இரவு 9:10

மெட்ராஸ் ஐ வீட்டில் ஒருவரோடு நிற்காது. காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், மணல் விழுந்த உறுத்தல் இருக்கும், பெரும்பாலும் இரண்டாவது கண்ணுக்கும் போகும். ஒரே கண், உள்வலி, வெளிச்சக் கூச்சம், மங்கல் என்றால் கண்ணுக்குள் கருவிழிக்குப் பின்னால் அழற்சியா என்று பார்க்கணும். அதற்குக் கடைச் சொட்டு மருந்து வேலைக்கு ஆகாது. கண் டாக்டர் பார்த்து ஸ்டீராய்டு சொட்டும் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டும் கொடுப்பார். தாமதித்தால் பாப்பா ஓரம் உள்ளே ஒட்டிக்கொண்டு பார்வை போகலாம். அடுத்த முறை வந்தால் அன்றைக்கே எழும்பூர் கண் ஆஸ்பத்திரி, கடைக்கு இல்லை.

முதுகும் கண்ணும் குதிகாலும் தனித்தனி சமாச்சாரம் இல்லை என்று நினைக்கிறேன். முதுகு மூட்டுகளில் அழற்சி வந்து போகப்போக எலும்பு ஒட்டிப்போகும் ஆன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் குடும்பத்து நோயின் சாடை இது. நான் பிசியோ, நோய் இன்னதென்று முடிவு செய்வது என் வேலை இல்லை. ஆனால் எலும்பு டாக்டரிடம் போகாமல் மூட்டு அழற்சி நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி பாருங்கள். சென்ட்ரல் எதிரே ஜெனரல் ஆஸ்பத்திரியில் அதற்குத் தனித் துறையே இருக்கிறது.

---

வியாசர்பாடி லேப்
நவம்பர் 21, மதியம் 3:25

எதுக்கு இவ்வளவு சுத்தல்? எச்.எல்.ஏ. பி27 ஒரு ரத்த டெஸ்ட். பாசிட்டிவ்னா இருக்கு, நெகட்டிவ்னா இல்லை. நாங்கள் தினமும் சாம்பிள் அனுப்புகிறோம்.

---

மூலக்கொத்தளம் அண்ணன்
நவம்பர் 21, மாலை 6:00

லேப் தம்பி, என் தங்கைக்கும் பி27 பாசிட்டிவ்தான். நாற்பது வயதில் வீட்டு வேலை அத்தனையும் செய்கிறாள், முதுகு வில் போல வளையும். எனக்குப் பாசிட்டிவ், கழுத்து திரும்பாது. ஒரே டெஸ்ட், இரண்டு வாழ்க்கை.

எனக்கு இருபத்திரண்டில் ஆரம்பித்தது. நோய்க்குப் பெயர் தெரிய முப்பது தாண்டியது. நடுவில் எண்ணெய், ஒத்தடம், சுளுக்கு எடுப்பவர், எல்லாம் பார்த்தாச்சு. இப்போது யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவேன். ஆபீசில் புதுசாக வந்தவர்கள் என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைக்கிறார்கள்.

---

பெரம்பூர் பிசியோ
நவம்பர் 21, இரவு 9:45

லேப் சார் சொன்னதில் பாதி சரி. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு பி27 இருக்கும். பி27 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வராது. ஆகவே தெருவில் போகிறவனுக்குப் பார்த்தால் அர்த்தமில்லை, தம்பி மாதிரிக் கதை உள்ளவருக்குப் பார்த்தால் சந்தேகத்துக்கு வலு கூடும். நெகட்டிவ் என்றாலும் கதவு மூடாது.

தம்பி, வீட்டில் டேப் இருக்கிறதா? இடுப்புக்குப் பின்னால் இரண்டு குழி தெரியும், அந்த மட்டத்தில் நடு முதுகில் பேனாவால் ஒரு கோடு. அதற்கு 10 செ.மீ. மேலே ஒன்று, 5 செ.மீ. கீழே ஒன்று. மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே 15. முட்டி மடக்காமல் முடிந்தவரை குனியுங்கள், வேறு யாராவது திரும்ப அளக்கட்டும். தோல் இழுபட்டு 20-ஐத் தாண்டணும். விரல் தரையைத் தொடுகிறதா என்று பார்த்து ஏமாறாதீர்கள், இடுப்பு மூட்டு நன்றாக மடங்கினால் முதுகு மடங்காமலே தரையைத் தொடலாம். இது நோயைச் சொல்லும் அளவு இல்லை, ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆரம்பக் கணக்கு.

---

தண்டையார்பேட்டை தம்பி
நவம்பர் 23, இரவு 8:30

அக்கா தையல் டேப்பால் அளந்தாள். 17.5. காலையில் அளந்தபோது 17 கூட வரவில்லை. "டேய் நீ குனியவே இல்ல, கழுத்தைத்தான் தொங்கப்போட்டிருக்க" என்கிறாள். நான் குனிந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

தண்டையார்பேட்டை தம்பி
டிசம்பர் 8, இரவு 9:00

புயலில் நான்காம் தேதி தொடங்கி வீட்டுக்குள்ளேயே. முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, மாடிக்குப் போனால் மழை. கட்டிலில் உட்கார்ந்தே கிடந்தேன். மூன்றாம் நாள் எழுந்து நிற்க அப்பா இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினார். அதுவரை நடிக்கிறேன் என்று நினைத்த மனுஷன் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. இப்போது அவரே டாக்டர் எங்கே என்று கேட்கிறார். கூடவே ஒரு சுளுக்கு எடுப்பவர் பெயரும் வைத்திருக்கிறார்.

எண்ணூர் அக்கா, உங்கள் பக்கம் எப்படி? தண்ணியோடு எண்ணெயும் வந்ததாகச் சொன்னார்கள்.

---

எண்ணூர் அக்கா
டிசம்பர் 9, காலை 11:30

சுவரெல்லாம் கறுப்பு, தேய்த்தாலும் போகவில்லை. வீட்டுக்காரர் சாமான் தூக்கி மறுபடி முதுகைப் பிடித்துக்கொண்டார், அவர் இப்போது படுத்திருக்கிறார், குறைகிறது. நீ சொன்னது வேறதான், இப்போ புரியுது.

---

மூலக்கொத்தளம் அண்ணன்
டிசம்பர் 9, மதியம் 2:10

தம்பி, அப்பாவிடம் சொல், கழுத்தை முறிக்கிற வேலை எதுவும் வேண்டாம். என்னை மாதிரி எலும்பு ஒட்டிப்போனவனுக்கு முதுகு ஒரே தண்டாக ஆகிவிடும், சின்ன அதிர்ச்சியிலேயே உடையும். உனக்கு அந்த நிலை இல்லை, இருந்தாலும் எதற்கு? எண்ணெய் தடவிக்கொள், வெந்நீரில் குளி, அது போதும்.

---

ஸ்கேன் ரூம்
டிசம்பர் 11, இரவு 12:15

எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். சும்மா படித்துக்கொண்டிருந்தேன், ஒன்று சொல்லணும்.

தம்பி எடுத்தது கீழ்முதுகு ஸ்கேன். அதில் முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் சேக்ரம் எலும்பும் இடுப்பு எலும்பும் சேரும் எஸ்.ஐ. மூட்டு முழுசாக வராது, ஓரத்தில் வந்தாலும் அந்தக் கோணத்தில் ஒன்றும் சொல்ல முடியாது. இந்த நோய் முதலில் உட்காருவது பெரும்பாலும் அந்த மூட்டில்தான். சீட்டில் "எஸ்.ஐ. மூட்டு" என்று எழுதி வந்தால்தான் சேக்ரத்துக்கு இணையாகச் சாய்த்துப் படம் வெட்டுவோம். கொழுப்பை இருட்டாக்கும் ஸ்டிர் வரிசையும் வேண்டும், எலும்புக்குள் நீர் கோர்த்திருந்தால் அதில் வெள்ளையாகத் தெரியும். இதற்குப் பொதுவாக ஊசி மருந்து தேவையில்லை.

இன்னொன்று. பந்து ஆடுகிறவர்கள், ஓடுகிறவர்களுக்கும் அந்த மூட்டில் கொஞ்சம் வெள்ளை தெரியலாம். படத்தை வைத்து மட்டும் யாரும் பட்டம் கட்டக் கூடாது.

---

தண்டையார்பேட்டை தம்பி
2024 ஜனவரி 20, இரவு 10:40

ஜி.எச். போய் வந்தாச்சு. கூட்டம், வரிசை, எல்லாம் தெரிந்ததுதான். ஆனால் டாக்டர் முதலில் கேட்டதே "ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்திருக்கே"ன்னுதான். பிசியோ கேட்ட அதே கேள்வி வரிசை.

இடுப்பு எக்ஸ்ரே நார்மல். அதைப் பார்த்து எனக்கு முகம் விழுந்தது, மறுபடி நடிப்பு என்று சொல்லப்போகிறார்கள் என்று. எக்ஸ்ரேயில் தெரிய வருஷக்கணக்கில் ஆகலாம், அதற்காகக் காத்திருக்கப்போவதில்லை என்றார். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 14. பி27 பாசிட்டிவ். எஸ்.ஐ. மூட்டு எம்.ஆர்.ஐ.யில் இரண்டு பக்கமும் நீர், இடது பக்க ஓரத்தில் எலும்பு அரித்த அடையாளம். நான் பந்து ஆடுவதையும் சொன்னேன். எலும்பு அரிப்பும் கண்ணும் குதிகாலும் சேர்ந்திருப்பதால் ஆட்டத்தின் மேல் பழி போட முடியாது என்றார்.

நாப்ராக்சன் 500, காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின், வயிற்றுக்கு ஒரு மாத்திரை. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் போட்டு நான்கு வாரம் கழித்து வரணும். சிகரெட் இருந்தால் நிறுத்தச் சொன்னார், அது முதுகை வேகமாக இறுக்குமாம். பந்து ஆடு என்றார். அம்மா கூட இருந்தார், அதுதான் முக்கியம்.

---

வியாசர்பாடி லேப்
ஜனவரி 21, காலை 9:30

பாசிட்டிவ் வந்ததா? நான் சொன்னேனே. ஆனால் தினமும் வலி மாத்திரை கிட்னியைக் காலி பண்ணும் ப்ரோ. வலிக்கும்போது மட்டும் போடு.

---

பெரம்பூர் பிசியோ
ஜனவரி 21, இரவு 9:20

கிட்னி பயம் வெறும் பயம் இல்லை. பி.பி.யும் கிரியாட்டினினும் அவ்வப்போது பார்க்கணும். மலம் கறுப்பாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி. யார்டு வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது. கூடவே கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி இரட்டிப்பாகப் போடவும் கூடாது, அதுதான் நான் பார்க்கிற பெரிய ஆபத்து.

ஆனால் இப்போது வலிக்கும்போது மட்டும் போட்டால் மருந்து கேட்கிறதா இல்லையா என்று டாக்டரால் சொல்ல முடியாது. அழற்சி ஓடிக்கொண்டிருக்கும்போது தினமும் என்பதுதான் வழக்கம். அடங்கின பிறகு தேவைக்கு மட்டுமா, தொடர்ந்தா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை.

உடற்பயிற்சி: காலையில் வெந்நீர்க் குளியல் முடிந்ததும் செய்யுங்கள். குப்புறப் படுத்து முழங்கையூன்றி நெஞ்சைத் தூக்குவது, சுவரில் குதிகாலும் பின்தலையும் ஒட்ட நிற்பது, விலா விரிய ஆழமாக மூச்சு. பின்தலை சுவரைத் தொடாமல் இடைவெளி விழ ஆரம்பித்தால் உடனே சொல்லுங்கள். தலையணை தாழ்வாக.

---

தண்டையார்பேட்டை தம்பி
மார்ச் 3, மாலை 7:15

நான்கு வாரத்தில் பாதி குறைந்தது. ராத்திரி எழுவது வாரத்தில் ஒரு தடவை. காலை இறுக்கம் முன்பு ஒன்றரை மணி நேரம், இப்போது முக்கால். பாதி போதாது என்று எடோரிகாக்சிப் 90-க்கு மாற்றியிருக்கிறார்கள், பி.பி. பார்த்த பிறகு. இரண்டு மருந்தும் சரியாகக் கேட்காவிட்டால் ஊசி பற்றிப் பேசலாம் என்றார். அண்ணன், நீங்கள் போடுகிறது அதுதானா?

---

மூலக்கொத்தளம் அண்ணன்
மார்ச் 3, இரவு 10:05

ஆமாம், அழற்சியை அடக்கும் அடாலிமுமாப் ஊசி, இரண்டு வாரத்துக்கு ஒன்று, வயிற்றுத் தோலில் நானே போட்டுக்கொள்வேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துப் போடு, இல்லாவிட்டால் எரியும். இங்கேயே தயாரிக்கிறதால் முன்பைவிட விலை இறங்கியிருக்கிறது, இருந்தாலும் மாசச் சம்பளத்தில் உறைக்கும். ஒட்டின எலும்பை அது பிரிக்காது, கழுத்து கழுத்துதான். ஆனால் ராத்திரி தூங்குகிறேன்.

இந்த ஊசி உள்ளே தூங்கும் டி.பி.யை எழுப்பிவிடலாம், அதனால் முதலில் டி.பி. பார்ப்பார்கள், நெஞ்சு எக்ஸ்ரேயும் கையில் ஊசிக் குத்தும் டெஸ்டும். எனக்குக் கை வீங்கியது. நோய் இல்லை, கிருமி உள்ளே தூங்குகிறது என்று மாத்திரை ஆரம்பித்து, ஒரு மாதம் போன பிறகுதான் முதல் ஊசி. நம்ம ஊரில் நிறையப் பேருக்கு இப்படித்தான், பயப்படாதே.

---

எண்ணூர் அக்கா
மார்ச் 4, காலை 6:50

என் மாமியாருக்கு 62 வயசு. காலையில் முட்டியும் முதுகும் இறுக்கம், கொஞ்ச நேரத்தில் விடும், சாயங்காலம் நடந்து நடந்து வலி. இதுவும் அதுதானா?

---

பெரம்பூர் பிசியோ
மார்ச் 4, இரவு 9:30

அறுபதுக்கு மேல் புதிதாக இது தொடங்குவது ரொம்ப அரிது அக்கா. சீக்கிரம் விடுவதும் நடந்தால் கூடுவதும் தேய்மானத்தின் பக்கம். தனி இழை போடுங்கள், அங்கே பேசலாம்.

---

தண்டையார்பேட்டை தம்பி
மார்ச் 5, இரவு 11:55

எல்லாருக்கும் ஒரு கேள்வி. யார்டில் என்னை ஆபீஸ் சீட்டுக்கு மாற்றுகிறார்கள், ஏ.சி. ரூம், எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர். சம்பளம் 2,000 கூட. "முதுகு சரியில்லாத பையன், உட்காரட்டும்" என்று மேனேஜர் நல்ல மனசோடுதான் செய்கிறார். எனக்கோ உட்கார்ந்தால்தான் பிரச்சினை. இதை அவருக்கு எப்படிச் சொல்வது?

---

மூலக்கொத்தளம் அண்ணன்
மார்ச் 6, காலை 8:20

ஜி.எச். சீட்டில் "நீண்ட நேரம் உட்காரக் கூடாது" என்று எழுதி வாங்கிக் கொடு. சம்பளத்தை விடாதே, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கேட் வரை பேப்பர் கொண்டுபோகிற வேலையை நீயே கேட்டு வாங்கிக்கொள்.

---

வியாசர்பாடி லேப்
மார்ச் 6, காலை 8:41

ஏ.சி. குளிருக்கு இறுக்கம் கூடும் ப்ரோ, யார்டே பெட்டர்.